நிகழ்வெண் அட்டவணையில் திட்ட விலக்கம்: எந்த வழி நல்லது?

பட்டர்வொர்த்தில் ஐந்தாம் படிவம் படிக்கும் அண்ணன் மகள் ஒரு கணக்கைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். 30 மாணவர்கள் பள்ளிக்கு வர ஆகும் நிமிடங்கள் 1–5, 6–10, 11–15, 16–20 என்ற பிரிவுகளில் இருந்தன. சிசிஹான் பியாவாய், அதாவது திட்ட விலக்கம் காண வேண்டும். படத்தில் கடைசி நிகழ்வெண் 6-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. மற்ற மூன்றும் சேர்ந்து 24; மொத்தம் 30. ஆகவே அது 6தான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு மதிப்பிலும் சராசரியைக் கழித்து, வர்க்கமாக்கி, நிகழ்வெண்ணால் பெருக்குவது. மற்றது, fx² நிரலை வைத்துச் செய்வது. கையால் போடும்போது நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

```
 x    f    fx    fx²
 3    4    12     36
 8    9    72    576
13   11   143   1859
18    6   108   1944
     30   335   4415
```

ஒரு பிரிவுக்குள் யாருக்கு எத்தனை நிமிடம் என்று நமக்குத் தெரியாது. அதனால் எல்லாருக்கும் நடுப்புள்ளியையே x ஆகக் கொள்கிறோம். கிடைக்கும் விடையும் ஒரு மதிப்பீடுதான். 13 என்பது 11 பேருக்கு வருவதால் fx 143. அதை மறுபடி 13-ஆல் பெருக்கினால் fx². இங்கேதான் பிள்ளைகள் 143-ஐயே வர்க்கமாக்கிவிடுகிறார்கள். நான்கு வரிசையிலும் அப்படி fx-ஐ வர்க்கமாக்கினால் திட்ட விலக்கம் 33-ஐத் தாண்டும். நடுப்புள்ளிகள் 3 முதல் 18 வரைதான். அந்த வீச்சில் பாதியான 7.5-க்கு மேல் திட்ட விலக்கம் வரவே முடியாது. விடையைப் பார்த்ததுமே தவறு தெரிந்துவிடும்.

```
√(4415/30 − (335/30)²) = 4.74
```

எதைத் தேர்வது என்பதை முடிவு செய்வது சராசரியைச் சுருக்குகிற பழக்கம். சராசரி 11.1666... என்று நீள்கிறது. முதல் வழியில் அதை 11.2 என்று வைத்தாலும் விடை 4.74 தான்; அந்தச் சிறு பிழை விலக்கங்களில் ஏறக்குறைய தன்னாலேயே அடிபட்டுப் போகிறது. ஆனால் அதற்கு நான்கு வரிசையிலும் தசமத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். இரண்டாவது வழியில் 11.2 போட்டால் விடை 4.66 ஆகிவிடும். 11.17 போட்டாலும் 4.73. இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணைப் பெறுவதால் சின்னப் பிழையும் பெரிதாகத் தெரிகிறது. அதனால் சராசரியை 335/30 என்றே கால்குலேட்டரில் தட்டச் சொன்னேன். அப்புறம் அட்டவணை முழுக்க முழு எண்கள்தான், சரிபார்ப்பதும் சுலபம்.

சராசரி முழு எண்ணாக வந்தால் முதல் வழியே போதும், விலக்கங்களும் சின்னதாக இருக்கும். x ஆயிரக்கணக்கில் போனாலும் fx² நிரல் கையை மீறிவிடும். அந்த மாதிரிக் கணக்குகளில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால், அங்கே இதே வழியைத்தான் பிடியுங்கள் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.