மூன்று மணி நேரச் சட்டத் தாள்: கட்டுரை முதலிலா, பிராப்ளம் முதலிலா?

ஒரு வினாத்தாளை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 மதிப்பெண், 180 நிமிடம். முதல் பகுதியில் இரண்டு கட்டுரைகள், தலா 20. இரண்டாம் பகுதியில் இரண்டு பிராப்ளம் கேள்விகள், அதாவது ஒரு கற்பனைச் சம்பவத்தைத் தந்து சட்டப்படி என்ன ஆகும் என்று கேட்பவை, தலா 25. கடைசியில் இரண்டு சிறுகுறிப்புகள், தலா 5. இந்தத் தாளுக்கு நேரத்தைப் பிரிக்க மாணவர்கள் சொல்லும் வழிகளைக் கேட்டால் மூன்று வகைதான் தேறும்: எல்லாவற்றுக்கும் சமமாகப் பிரிப்பது, மதிப்பெண்படி பிரித்துத் தாளில் உள்ள வரிசையிலேயே எழுதுவது, மதிப்பெண்படி பிரித்து பிராப்ளம் கேள்விகளை முதலில் முடிப்பது.

சமமாகப் பிரிப்பதை இரண்டு வரியில் கடந்துவிடலாம். ஆறு கேள்விக்குத் தலா 30 நிமிடம் என்றால், 5 மதிப்பெண் குறிப்புக்கும் 25 மதிப்பெண் பிராப்ளத்துக்கும் ஒரே நேரம் கிடைக்கிறது. எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பெண் உள்ள தாளில் மட்டும்தான் இதற்கு அர்த்தம் உண்டு.

மதிப்பெண்படி பிரிப்பதிலும் ஒரு சறுக்கல் இருக்கிறது. 180-ஐ நேரடியாக 100-ஆல் வகுத்து மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம் என்று கணக்குப் போடுவார்கள். அதில் தாளைப் படிக்க, எந்தக் கேள்வி என்று முடிவு செய்ய, கடைசியில் திருப்பிப் பார்க்க நேரமே இல்லை. முன்னால் 10, பின்னால் 10 எடுத்து வைத்துவிட்டு மீதி 160-ஐ வகுத்தால் மதிப்பெண்ணுக்கு 1.6 நிமிடம். அப்படியானால் கட்டுரைக்கு 32, பிராப்ளத்துக்கு 40, சிறுகுறிப்புக்கு 8. கூட்டினால் 64, 80, 16, சரியாக 160.

இதுவரை பெரிய சர்ச்சை இல்லை. உண்மையான போட்டி அடுத்த கேள்வியில்தான்: இதே 160 நிமிடத்தை வைத்துக்கொண்டு எதை முதலில் எழுதுவது?

கட்டுரை முதலில் என்பவர்கள் சொல்லும் காரணம் நியாயமானதுதான். படித்து வைத்தது மறப்பதற்குள் எழுதிவிடலாம், கை ஓட ஆரம்பிக்கும், பதற்றம் அடங்கும். ஆனால் கட்டுரைக்கு ஒரு குணம் உண்டு: எவ்வளவு நேரம் கொடுத்தாலும் விழுங்கிவிடும். ஏற்புக் கடிதத்தைத் தபாலில் போட்டதுமே ஒப்பந்தம் உருவாகிவிடும் என்கிற தபால் விதி இன்றைக்கும் தேவையா என்று கேட்டால், 1818-இல் வந்த ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் வழக்கில் தொடங்கி, விதிக்கான காரணங்கள், விமர்சனங்கள், மின்னஞ்சல் காலம் என்று எழுதிக்கொண்டே போகலாம். எங்கே நிறுத்துவது என்று கேள்வி சொல்வதில்லை. பிராப்ளம் கேள்வி சொல்லிவிடும். அதில் தீர்த்துவைக்க வேண்டிய சட்டக் கேள்விகளாக நான்கைந்து எழுவினாக்கள் இருக்கும். அவை முடிந்தால் விடையும் முடிந்தது.

அதனால் கட்டுரையில் தொடங்குபவர் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கும். இரண்டு கட்டுரைக்கு 20 நிமிடம். அந்தக் கடன் கடைசி பிராப்ளத்தின் தலையில் வந்து விழும். 40 நிமிடம் 20 ஆகிவிடும். கட்டுரையில் அந்தக் கூடுதல் பத்து நிமிடத்தில் எழுதியது பெரும்பாலும் ஏற்கெனவே சொன்ன வாதத்துக்கு இன்னொரு உதாரணமாகத்தான் இருக்கும். பிராப்ளத்தில் குறைந்த இருபது நிமிடத்தின் கதையே வேறு. அதை ஒரு கேள்வியை வைத்தே பார்ப்போம்.

ரவி தன் பழைய அச்சு இயந்திரத்தை ஒரு குறிப்பிட்ட விலைக்கு விற்பதாகக் கமலாவுக்குத் திங்களன்று கடிதம் எழுதுகிறார். பதிலையும் தபாலிலேயே அனுப்பச் சொல்கிறார். புதனன்று கமலா, "தொகையை இரண்டு தவணையில் கொடுத்தால் ஏற்பீர்களா?" என்று கேட்டு எழுதுகிறார். வியாழனன்று ரவி இயந்திரத்தை மூன்றாம் நபருக்கு விற்றுவிட்டு, முன்மொழிவைத் திரும்பப் பெறுவதாகக் கமலாவுக்குத் தபால் போடுகிறார். அன்று மாலை இருவருக்கும் பொதுவான ஒரு நண்பர், "இயந்திரம் கைமாறிவிட்டது போலிருக்கிறதே" என்று கமலாவிடம் சொல்கிறார். வெள்ளி காலை, ரவியின் இரண்டாவது கடிதம் வருவதற்கு முன், கமலா முழு விலைக்கும் சம்மதித்துத் தபால் போடுகிறார். அந்தக் கடிதம் வழியில் தொலைந்துபோகிறது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி கமலாவுக்கு ஆலோசனை கூறுக.

40 நிமிடத்தில் 8 நிமிடம் படிக்கவும் திட்டமிடவும், 30 எழுத, 2 திருப்பிப் பார்க்க. அந்த 30-ஐ எழுவினாக்களுக்கு எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். திங்கள்கிழமைக் கடிதம் முன்மொழிவுதானா என்பதில் சண்டையே இல்லை. இரண்டு நிமிடம் போதும். முன்மொழிவுக்கு இலக்கணம் எழுதி அரைப் பக்கம் நிரப்பினால் யாரும் கேட்காத கேள்விக்கு விடை எழுதியதாக ஆகும்.

புதன் கடிதத்துக்கு ஒன்பது நிமிடம். அது எதிர்முன்மொழிவு என்றால் 1840-இன் ஹைட் எதிர் ரென்ச் வழக்கின்படி பழைய முன்மொழிவு அழிந்துவிடும். வெறும் விசாரிப்பு என்றால் 1880-இன் ஸ்டீவன்சன் எதிர் மெக்லீன் வழக்கின்படி அது உயிரோடு இருக்கும். "ஏற்பீர்களா" என்ற சொல்லை எடுத்து, கமலா விலையை மறுக்கவில்லை, கொடுக்கும் முறையைத்தான் கேட்டார் என்று இரண்டு வழக்கோடும் பொருத்திக் காட்ட வேண்டும்.

வியாழன் நிகழ்வுகளுக்குப் பத்து நிமிடம், ஏனென்றால் இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கிடக்கின்றன. திரும்பப் பெறும் கடிதம் போட்டதுமே செல்லாது, சேர்ந்தால்தான் செல்லும் என்பது 1880-இன் பைர்ன் எதிர் வான் டீன்ஹோவன். ஆனால் நண்பர் மூலம் தெரிந்தாலும் போதுமா என்பதற்கு 1876-இன் டிக்கின்சன் எதிர் டாட்ஸ் இருக்கிறது. நண்பர் "போலிருக்கிறதே" என்றுதான் சொன்னார். அது நம்பத்தக்க தகவலா? கேள்வி தயாரித்தவர் அந்தச் சொல்லைச் சும்மா போடவில்லை. தொலைந்த கடிதத்துக்கு ஆறு நிமிடம்: தபாலில் தொலைந்தாலும் ஏற்பு செல்லும் என்ற 1879-இன் ஹவுஸ்ஹோல்ட் ஃபயர் எதிர் கிரான்ட் வழக்கைச் சொல்லி, ரவியே தபாலில் பதில் கேட்டார் என்ற தகவலைப் பொருத்தினால் தீர்ந்தது. நிவாரணத்துக்கும் ஆலோசனைக்கும் மூன்று நிமிடம்.

இப்போது இதே கேள்விக்கு 20 நிமிடம்தான் இருக்கிறது என்று வையுங்கள். படிக்கும் நேரத்தை அவ்வளவாகச் சுருக்க முடியாது. ஆறு நிமிடமாவது போகும். எழுத மிஞ்சுவது 14. புதன் கடிதத்தோடு கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். நண்பர் சொன்னதும் தொலைந்த கடிதமும் தாளில் வரவே வராது. பிராப்ளத்தில் மதிப்பெண் எழுவினா எழுவினாவாகக் கிடைப்பதால், எழுதாத எழுவினாவுக்கு மற்றவற்றின் அழகு ஈடு செய்யாது. அதுவே ஒரு கட்டுரைக்கு 32-க்குப் பதில் 20 நிமிடம் கிடைத்தால்? முதல் பத்தியிலேயே நம் நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டு, மூன்று வாதத்துக்குப் பதில் இரண்டை எழுதி, எதிர்வாதம் ஒன்றைத் தொட்டு முடிக்கலாம். ஆழம் குறையும், ஆனால் கட்டுரை முழுசாக நிற்கும்.

அதனால் என் ஓட்டு பிராப்ளம் முதலில் என்பதற்கு. வெட்டைத் தாங்கக்கூடியது கட்டுரை, தாங்காதது பிராப்ளம். எப்படியும் ஒன்று கடைசியில் நசுங்கப்போகிறது என்றால் தாங்கக்கூடியது நசுங்கட்டும். இன்னொரு சிறு லாபமும் உண்டு: ஒரே பாடத்தில் பிராப்ளம் எழுதும்போது கிளறி எடுத்த வழக்குகள் கட்டுரைக்கும் கைகொடுக்கும்.

இந்த வழிக்கும் ஆபத்து இருக்கிறது. முதல் பிராப்ளத்திலேயே ஒரு எழுவினா புரியாமல் போனால் அதைச் சுற்றியே உட்கார்ந்துவிடுவோம். அதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம், 8 நிமிடம் ஆன பிறகும் திட்டத்தில் ஒரே ஒரு வரிதான் இருப்பது. அப்போது புரிந்த எழுவினாக்களை எழுதத் தொடங்கிவிட்டு, புரியாததற்கு இடம் விட்டுச் செல்வது நல்லது. இன்னொரு தவறு, புதன் கடிதம் எதிர்முன்மொழிவு என்று முடிவு செய்ததும் "எனவே ஒப்பந்தம் இல்லை" என்று விடையை மூடிவிடுவது. நேரம் மிச்சமானது போலத் தோன்றும். பாதிக் கேள்வி கையை விட்டுப் போயிருக்கும். "நீதிமன்றம் இதை விசாரிப்பாகக் கருதினால்" என்று ஒரு வரி எழுதி மேலே போக வேண்டும்.

சிலர் இரண்டு பிராப்ளத்துக்கும் இரண்டு கட்டுரைக்கும் முதலிலேயே முழுத் திட்டம் போட்டுவிட்டுத்தான் பேனாவை ஓட்டுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஒரு மணி நேரம் கழித்து அந்தத் திட்டத்துக்குத் திரும்பும்போது யார் யாருக்கு எந்தக் கிழமை எழுதினார் என்பது மறந்திருக்கும், மறுபடி படிக்க வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, பிராப்ளத்தின் ஓரத்தில் எழுவினாக்களை ஒற்றைச் சொல்லாகக் குறித்தால் போதும். முழுத் திட்டத்தை அந்தந்த விடையை எழுதுவதற்குச் சற்று முன் போடலாம்.

சிறுகுறிப்புகளை நான் இரண்டு பிராப்ளத்துக்கும் கட்டுரைகளுக்கும் நடுவில் வைப்பேன். 16 நிமிடத்தில் 10 மதிப்பெண் கையில் வந்துவிடும், மூளைக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் கடிகாரம் இப்படி ஓட வேண்டும்: 10-ஆவது நிமிடத்தில் முதல் பிராப்ளம், 50-இல் இரண்டாவது, 90-இல் குறிப்புகள், 106-இல் முதல் கட்டுரை, 138-இல் இரண்டாவது, 170-இல் திருப்பிப் பார்ப்பது. இந்த ஆறு எண்களைத் தேர்வு நேரமாக மாற்றி, விடைத்தாளில் அனுமதிக்கப்பட்ட இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கட்டுரை முதலில் என்பது ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு. சட்ட நூலைப் பார்த்து எழுத அனுமதிக்கும் தேர்வில், பிராப்ளம் கேள்விதான் நேரத்தை விழுங்கும். பிரிவுகளைத் தேடித் தேடி 40 நிமிடம் ஒரு மணி நேரமாக நீளும். அங்கே கட்டுரைகளுக்கு 32 நிமிடம் என்று கறாராக நிறுத்தத் தெரிந்தவர், அவற்றை முதலில் முடித்துவிட்டு நூலைத் திறப்பதே மேல். நிறுத்தத் தெரியாதவருக்கு அங்கேயும் பிராப்ளம்தான் முதலில். தேட வேண்டிய பிரிவுகளை மட்டும் திட்டமிடும் 8 நிமிடத்துக்குள் பட்டியலிட்டு, அதற்கு மேல் பக்கம் புரட்டுவதில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.