ரினியூ பண்றதா, வேணாம்னு சொல்றதா: ஹவுஸ் ஓனர் அனுப்புற ரெண்டு மெசேஜ்

அக்ரிமெண்ட் முடியப்போகுதுன்னா ஓனர் கையில ரெண்டு மெசேஜ்தான் இருக்கு. ஒண்ணு, "இருங்க, ஆனா கண்டிஷன் கொஞ்சம் மாறுது". இன்னொண்ணு, "இந்த தடவை ரினியூ பண்ணல". மூணாவதா ஒண்ண நிறைய பேர் அனுப்புறாங்க, வாடகைய தாறுமாறா ஏத்தி அவங்களே ஓடிடட்டும்னு விடுறது, அதுக்கு கடைசில வர்றேன்.

முதல்ல என் கதை. மேல்வீட்ல ஒரு சின்ன குடும்பம், மூணு வருஷமா இருந்தாங்க, ஒரு தொந்தரவும் இல்ல. அக்ரிமெண்ட் முடியுறதுக்கு மூணு வாரம் இருக்கும்போது "தம்பி, வாடகை கொஞ்சம் ஏத்த வேண்டியிருக்கும், பாத்து பேசிக்கலாம்"னு தட்டி விட்டுட்டு நான் மறந்தே போயிட்டேன். அவங்க அத படிச்சுட்டு எவ்வளவு ஏறுமோன்னு பயந்து வேற வீடு பாத்து டோக்கன் அட்வான்ஸும் குடுத்துட்டாங்க. நான் ஏத்த நினைச்சது வெறும் 5 சதவீதம். அந்த நம்பர மெசேஜ்ல போட்டிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

எத அனுப்புறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு போடணும். இப்ப வாடகை 100ன்னு வச்சுக்குங்க, அப்படியே விட்டா வருஷத்துக்கு 1200. 8 சதவீதம் ஏத்தி அவங்க ஒத்துக்கிட்டா 1296. ஒத்துக்காம காலி பண்ணி, ஒரே ஒரு மாசம் வீடு சும்மா கிடந்து, அப்புறம் புது ஆள் 108க்கு வந்தா 11 மாசத்துக்கு 1188தான், அதாவது ஏத்தாம விட்டிருந்தா வந்திருக்கிறதவிட 12 கம்மி. பெயிண்ட், புரோக்கர் கமிஷன் எல்லாம் இதுல சேக்கவே இல்ல. முதல் வருஷத்த மட்டும் பாத்தா, 9 சதவீதத்துக்கு மேல ஏத்துனாதான் ஒரு மாச காலிய அது சரிக்கட்டும். அதனால நல்ல ஆள் உள்ள இருந்தா ரினியூதான் லாபம், ஏத்துறதும் அவங்க தாங்குற அளவுல இருக்கணும்.

ரினியூ மெசேஜ்ல முக்கியமானது தேதி. அவங்க காலி பண்ண 2 மாச நோட்டீஸ் தரணும்னு அக்ரிமெண்ட்ல இருக்கு, அக்ரிமெண்ட் ஜூன் 30ல முடியுதுன்னா, ஏப்ரல் 30க்குள்ள அவங்க முடிவு பண்ணியாகணும். அப்ப உங்க மெசேஜ் ஏப்ரல் முதல் வாரமே போயிடணும். மே மாசம் அனுப்பிட்டு "ஏத்துக்கிறீங்களா, காலி பண்றீங்களா"ன்னு கேட்டா அது கேள்வியே இல்ல, கழுத்துல கத்தி. இப்ப நான் அனுப்புறது இப்படி இருக்கும்:

"வணக்கம் தம்பி. அக்ரிமெண்ட் ஜூன் 30ல முடியுது. நீங்க தொடர்ந்து இருக்கணும்னு ஆசைப்படுறேன். ஜூலை 1லேர்ந்து ரெண்டு மாற்றம்: வாடகை 6 சதவீதம் கூடும், தண்ணி மோட்டார் கரண்ட் பில்ல இனிமே பாதிப்பாதி கட்டிக்கலாம். அட்வான்ஸ் ஏத்தல. மத்ததெல்லாம் பழைய அக்ரிமெண்ட்ல உள்ளபடியே. ஏப்ரல் 25க்குள்ள சொல்லுங்க, ஏதாவது ஒத்துவரலன்னா போன் பண்ணுங்க, பேசலாம்."

இதுல "அட்வான்ஸ் ஏத்தல"ங்கிற ரெண்டு வார்த்தைய கவனிங்க. அட்வான்ஸ் இத்தன மாச வாடகைன்னு எழுதியிருந்தா, வாடகை ஏறும்போது அதுவும் ஏறுமான்னு படிக்கிறவங்க மனசுல ஓடும், கேக்க கூச்சப்படுவாங்க. "மத்ததெல்லாம் பழையபடி"ன்னு போடலன்னா, நாய் வளக்கலாம்னு போன தடவை வாய்வார்த்தையா சொன்னது இன்னும் நிக்குதான்னு பின்னால சண்டை வரும். பதில் வரலன்னா சரின்னு எடுத்துக்காதீங்க, ஒருதடவை போன் போடுங்க. அக்ரிமெண்ட் முடிஞ்சப்புறமும் சும்மா வாடகை வாங்கிட்டே இருந்தா பல இடங்கள்ல அது மாசாமாசம் ஓடுற வாடகைன்னு ஆயிடும், நீங்க சொன்ன புது கண்டிஷன் காத்துல நிக்கும்.

இப்ப ரெண்டாவது, வேணாம்னு சொல்றது. இதுல எல்லாரும் தப்பு பண்றது காரணத்துல. நாலு காரணம் அடுக்குனா நாலுக்கும் பதில் வரும். "வாடகை லேட்டாகுது"ன்னு சொன்னா "இனி ஒண்ணாம் தேதியே போட்டுடுறேன் சார்"னு சொல்வாங்க, அப்ப என்ன சொல்வீங்க? உண்மையிலயே அது ஒண்ணுதான் பிரச்சினைன்னா அத கண்டிஷனா போட்டு ரினியூ பண்ணிட்டு போங்க. முடிவு மாறாதுன்னா ஒரே ஒரு உண்மையான காரணத்த சொல்லி நிறுத்திக்கணும். பொய் சொல்லவே கூடாது. பையன் வர்றான்னு சொல்லிட்டு அடுத்த மாசமே கூடுதல் வாடகைக்கு விளம்பரம் போட்டா, முதல்ல பாக்குறது பழைய குடித்தனக்காரங்கதான், சில இடங்கள்ல சட்டப்படியும் மாட்டிப்பீங்க. அங்கெல்லாம் என்ன காரணத்துக்கு ரினியூ பண்ணாம விடலாம், எத்தன நாள் முன்னாடி சொல்லணும்னு சட்டமே வச்சிருக்கு, அத பாத்துட்டு அப்புறம் டைப் பண்ணுங்க.

"வணக்கம்மா. மூணு வருஷமா வீட்ட உங்க வீடு மாதிரி பாத்துக்கிட்டீங்க. ஜூன் 30க்கு அப்புறம் எங்க அம்மாவ இங்க கூட்டிட்டு வர்றோம், அதனால அக்ரிமெண்ட்ட நீட்டிக்க முடியல, மன்னிக்கணும். வேற வீடு சீக்கிரம் கிடைச்சா முன்னாடியே போகலாம், நோட்டீஸ் காலத்துக்கு வாடகை கேக்க மாட்டேன். சாவி தந்த 7 நாள்ல அட்வான்ஸ் வந்துடும், ஜூன் முதல் வாரம் சேர்ந்து வீட்ட பாத்துக்குவோம், எதாவது பிடிக்க வேண்டியிருந்தா அப்பவே சொல்லிடுறேன். புது ஓனர் கேட்டா என் நம்பர் தாங்க, நல்லபடியா சொல்றேன்."

மன்னிப்பு ஒருதடவை போதும். இந்த மெசேஜ்ல தன்மை எங்க இருக்குன்னா, முன்னாடியே போகலாம்னு விட்டதுலயும் அட்வான்ஸுக்கு நாள் சொன்னதுலயும்தான். புது வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க அவங்களுக்கு அந்த பழைய பணம்தான் வேணும். அதேமாதிரி "முடிஞ்சா", "பாக்கலாம்", "இப்போதைக்கு" மாதிரி வார்த்தைகள எடுத்துடுங்க, அதுல தொங்கிக்கிட்டு ஜூன் 20 வரைக்கும் வீடே தேடாம இருப்பாங்க, அது உங்களாலதான்.

அந்த மூணாவது வழிக்கு வர்றேன். நேரா சொல்ல வாய் வராம 30 சதவீதம் ஏத்தி அனுப்புறது. கோவத்துல காலி பண்ணிட்டு போறவங்க வீட்ட எப்படி விட்டுட்டு போவாங்கன்னு நீங்களே யோசிச்சுக்குங்க. அதவிட மோசம் ஒண்ணு இருக்கு: பிள்ளைங்க ஸ்கூல் பக்கத்துல இருக்கேன்னு பல்ல கடிச்சுட்டு அவங்க "சரி"ன்னு சொல்லிட்டா? நீங்க போட்ட கண்டிஷன், அவங்க ஏத்துக்கிட்டாங்க, இன்னும் ஒரு வருஷம் அதே ஆள், இப்ப உங்கமேல கடுப்போட. எனக்கு தெரிஞ்ச ஒருத்தருக்கு இது நடந்தது, அம்மா வர்ற தேதிய தள்ளிப்போட்டு அந்த வருஷம் பூரா தங்கச்சி வீட்ல வச்சிருந்தார்.