உளுந்த வடை: கெட்டி மாவா, அரிசி மாவில் இறுக்கிய மாவா?

போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் வீட்டில் அரைக் கிலோ தொலி நீக்கிய முழு உளுந்தை இரண்டு மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, இரண்டு பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கு கிரைண்டருக்கு, இன்னொன்று மிக்ஸிக்கு.

மிக்ஸியில் பிளேடு சுற்றாமல் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியதில் அரை டம்ளர் தண்ணீர் போய்விட்டது. மாவு நைசாகத்தான் வந்தது, ஆனால் கரண்டியிலிருந்து வழிந்தது. கையில் நிற்கவில்லை. வழக்கமான வைத்தியமாக மூன்று கரண்டி அரிசி மாவைப் போட்டு இறுக்கினேன். சுடச்சுட மொறுமொறுப்பில் இந்த வடைதான் முந்தியது. ஆறியதும் உள்ளே கட்டியாகிவிட்டது, விரலில் எண்ணெயும் பிசுபிசுத்தது. அரிசி மாவு மேல்தோலை முறுக்குமே தவிர, மாவில் இல்லாத காற்றைக் கொண்டுவராது.

கிரைண்டரில் தண்ணீரை ஊற்றவே இல்லை, கையால் தெளித்ததுதான். அரை மணி நேரம் ஓடியதில் மாவு பொங்கி வெண்ணெய்போலத் திரண்டது. ஒரு துளியை தண்ணீரில் போட்டால் மிதந்தது. உள்ளே மெத்தென்று இருக்கக் காரணம் அந்தக் காற்றுதான். தண்ணீர் குறைவாக இருப்பதால் மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து முறுகும். உப்பும் சின்ன உள்ளியும் தண்ணீர் விடும் என்பதால், எண்ணெய் காய்ந்த பிறகுதான் நல்லமிளகு, கறிவேப்பிலையோடு சேர்த்தேன்.

என் ஓட்டு கிரைண்டருக்குத்தான். ஆனால் ஒரு கைப்பிடி உளுந்து அதில் சரியாக அரைபடாது. இரண்டு பேருக்கு மட்டும் என்றால் மிக்ஸியில் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்து, விட்டுவிட்டு அரைத்து, பாத்திரத்தில் வழித்துக் கையால் ஐந்து நிமிடம் அடித்துக்கொள்ளலாம். தளர்ந்துவிட்டதா? அரிசி மாவை எடுக்கும்முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பெரும்பாலும் அதிலேயே இறுகும்.

தட்டுவதிலும் இரண்டு வழி பார்த்தேன். வாழையிலைத் துண்டில் தட்டினால் வட்டம் அழகாக வரும், பழகாதவர்களுக்குச் சுலபம். ஆனால் எண்ணெயில் கவிழ்க்கும்போது இலை ஈரம் தெறிக்கும், வடையும் தட்டையாகிவிடும். கை அப்படியில்லை. திங்கள்சந்தைப் பக்கம் ஒரு சாயாக்கடையில் வடை போடும் அண்ணாச்சியிடம், என் வடை ஏன் எண்ணெயில் வெடிக்கிறது என்று கேட்டேன்.

"கையில தண்ணி சொட்டப்பிடாது மக்ளே. முக்கி, ஒரு உதறு உதறிட்டு எடு."

அதுதான் என் தப்பு. ஈரம் மெல்லிய படலமாக இருந்தால் மாவு கையில் ஒட்டாமல் வழுக்கும். சொட்டினால் அந்தத் தண்ணீர்தான் எண்ணெயில் வெடிக்கும், மாவின் மேல்பக்கத்தைக் கரைத்து எண்ணெயையும் குடிக்க வைக்கும். ஒவ்வொரு வடைக்கும் கையை நனைத்து, உதறி, எலுமிச்சை அளவு மாவை நாலு விரலில் வைத்து, பெருவிரலால் நடுவில் குழித்து, எண்ணெய்க்கு அருகில் கொண்டுபோய் விரலைச் சரித்தால் வடை தானாக நழுவும். ஓட்டை சிறிதானால் பொரியும்போது மூடிக்கொள்ளும், நடுப்பகுதி வேகாது. மூன்றாவது ஈட்டிலிருந்து எனக்கு இலை தேவைப்படவில்லை.