பூட்டிக் கிடக்கும் ஃபிளாட்டுக்கு மெயின்டனன்ஸ்: பாதி கேட்பதா, தண்ணீர்ப் பங்கை மட்டும் கழிக்கச் சொல்வதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஃபிளாட் ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டியே கிடக்கிறது. மெயின்டனன்ஸைக் குறைக்கச் சொல்லி எழுத இரண்டு வழி இருந்தது. ‘ஆள் இல்லை, பாதி போதும்’ என்பது ஒன்று. ஆள் இருந்தால் மட்டும் ஆகும் செலவைக் கழிக்கச் சொல்வது இன்னொன்று. நான் எழுதிக் கொடுத்தது இரண்டாவதை. (பேசாமல் கட்டுவதை நிறுத்துகிறவர்களும் உண்டு. பாக்கி ஏறி, விற்கும்போது நிலுவை இல்லை என்ற கடிதத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.)

பாதி கேட்பது சுலபம். கமிட்டியின் பதிலும் சுலபம்: “வாட்ச்மேன் உங்க வீட்டையும் சேர்த்துத்தானே சார் பார்க்கிறார்?” நியாயம்தான். லிஃப்ட் ஒப்பந்தம், படிக்கட்டு விளக்கு, கடல்காற்றில் துருவேறும் கைப்பிடிக்குப் பெயின்ட், எதுவும் நம் வீடு பூட்டியிருப்பதால் குறையாது. எங்கள் கட்டடத்தில் 24 வீடு, மாதம் 2,500 ரூபாய். நாலு வீடு காலி. நாலுக்கும் பாதி என்றால் மாதம் 5,000 குறையும். மற்ற 20 வீடும் ஆளுக்கு 250 கூடுதலாகப் போட வேண்டும். எந்தப் பொதுக்குழு இதற்குக் கை தூக்கும்?

அதனால் செயலரிடம் வரவு செலவுக் கணக்கை வாங்கிப் பார்த்தேன். லாரித் தண்ணீர், மோட்டார் கரன்ட், கழிவுநீர்த் தொட்டி, குப்பை எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 12,000. 24 ஆல் வகுத்தால் வீட்டுக்கு 500. இதைச் செலவழிப்பது குடியிருக்கும் 20 வீடுதான். அவர்கள் உண்மையான பங்கு 600. எங்களைக் கழித்தால் அவர்களுக்கு 100 ஏறும், மறுக்கவில்லை. ஆனால் அது அவர்கள் பிடித்த தண்ணீருக்கான காசு. கடிதத்தில் இந்த ஒரு கணக்கைத்தான் விரித்து எழுதினேன். வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் உள்ள இடத்தில் நான் இருந்ததில்லை. அங்கே இந்த வாதமே தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

மாதம் 400 கழிக்கிறோம் என்று கமிட்டியின் பதில் வந்தது. மோட்டாருக்கு எப்படியும் ஒரு செலவு உண்டு என்றார்கள். சரி என்றேன். நிபந்தனைகளும் வைத்தார்கள்: பழைய பாக்கி இருக்கக் கூடாது, தண்ணீர் வால்வை மூடிச் சாவியை வாட்ச்மேனிடம் தர வேண்டும், வாடகைக்கு விட்டால் அந்த மாதமே சலுகை போய்விடும். பூட்டியிருப்பதற்குச் சான்றாக மின்கட்டணப் பில் கேட்டார்கள். இங்கேதான் கமிட்டி உஷார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை இலவசம் என்பதால், குடியிருக்கிற சின்னக் குடும்பத்துக்கும் பில் பூஜ்யமாக வரலாம். ஆகவே தொகையைப் பார்க்காமல், முந்தைய ரீடிங்குக்கும் இப்போதைய ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள். 15 யூனிட்டைத் தாண்டினால் முழுத் தொகை.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் வந்துவிட்டு வீட்டில் நாலு நாள் தங்கி, ஏசியும் போட்டால் தாண்டிவிடும். அப்போது இரண்டு மாதத்துக்கும் சலுகை கிடையாது. ரீடிங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள் என்பதால் அதில் பேரம் பேச வழியில்லை.