ஆடி 20-ஐ இன்னும் கிழிக்காத வீடு

கல்லூரி நண்பனுக்குத் தேவகோட்டைக்கு மாற்றல் வந்திருக்கிறது. "நீ மூணு வருஷமா அந்தப் பக்கம்தானே இருக்கே, ரூம் பார்க்கப் பேப்பர் நல்லதா, வாட்ஸ்ஆப் குரூப் நல்லதா?" என்று கேட்டான். ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபம் வந்துவிட்டது. அதனால் இது நீண்டுபோகும்.

நான் காரைக்குடிக்கு வந்தது ஒரு தை மாதம். மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆடியிலும் அப்படித்தான். அதனால் தையிலும் ஆவணியிலும் காலி வீடுகள் மொத்தமாக வெளியே வரும். நல்ல நேரத்தில்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன். வந்த அன்றே ஒருவர் ஊர் குரூப்பில் சேர்த்துவிட்டார். 1024 பேர்தான் சேரலாம் என்பதால் யாராவது வெளியேறினால்தான் இடம் கிடைக்கும். எனக்கு அதிர்ஷ்டம் என்றார்கள்.

இரண்டாம் நாளே ஒரு செய்தி வந்தது. கழனிவாசல் பக்கம் மாடி போர்ஷன், நல்ல தண்ணீர், பேச்சிலருக்கும் தரப்படும். கடைசி வார்த்தைகளுக்காகவே ஓடினேன். கதவைத் திறந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "மாடிக்கா தம்பி? அது ஆவணியிலேயே ஆள் வந்தாச்சே. வாரத்துக்கு ரெண்டு பேர் இப்படித்தான் வந்து நிக்கிறாங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

அறைக்குத் திரும்பி அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கியது. ஆடி 20. ஆவணியில் குடிவருபவர்களுக்காக ஆகஸ்ட் ஆரம்பத்தில் எடுத்த படம், தையில் என் கைக்கு வந்திருக்கிறது.

இதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல். குரூப்பில் வரும் செய்திக்கு வயதே தெரியாது. ஒருவர் ஃபார்வர்டு செய்தால் அவர் அனுப்பிய நேரம்தான் பக்கத்தில் நிற்கும். முதலில் எழுதியவர் எப்போது எழுதினார் என்பது போய்விடும். ஐந்து கை மாறி வந்தது என்றால் இரட்டை அம்புக்குறி ஒன்று காட்டும், அவ்வளவுதான். போன் நம்பரைப் போட்டுக் குரூப்பிலேயே தேடினால் முன்பு எப்போது வந்தது என்று கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். பழைய ஆளுக்கு அது சரி. நேற்றுச் சேர்ந்தவனுக்குப் போன மாதச் செய்தி எதுவும் கிடையாது. யாருக்கு அது மிகவும் தேவையோ அவனிடம்தான் அந்த வசதி இல்லை.

பேப்பரில் இந்தச் சிக்கல் இல்லை, மேலேயே தேதி இருக்கிறது. காசு கொடுத்து ஒரு வரி போடுகிறவர் அந்த வாரமே ஆள் வேண்டும் என்றுதான் போடுகிறார், பொழுது விடிந்தால் அந்த வரி செத்துவிடும். ஆனால் இங்கே வருவது மதுரைப் பதிப்பு. ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரப் பக்கம் முழுக்க அண்ணாநகர், கே.கே.நகர், வில்லாபுரம். காரைக்குடி என்று தொடங்கும் வரி ஒன்றோ இரண்டோ தேறினால் பெரிது, அதிலும் ஒன்று மனை விற்பனை. நாலு ஞாயிறு வாங்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

(தெருவுக்குத் தெரு அரண்மனை மாதிரி வீடுகள் பூட்டிக் கிடக்க, இவன் ஏன் அறைக்கு அலைகிறான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அந்த வீடுகள் எந்த விளம்பரத்திலும் வராது. பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பத்தின் பூட்டு தொங்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். எல்லோரும் சரி சொல்லி வாடகைக்கு விடுவதற்குள் நமக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிடும்.)

எனக்கு வேலை கிடைத்த கதை வேறு. பயோடேட்டா நகல் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கண்ணாடி முழுக்கக் காகிதங்கள். ஸ்கெட்ச் பேனாவில் ஒன்று: "கணக்கு எழுத ஆள் தேவை. டேலி தெரிந்திருக்க வேண்டும்." கீழே போன் நம்பரை நீளவாக்கில் பத்துத் துண்டாக வெட்டிவிட்டிருந்தார்கள், இரண்டுதான் கிழிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இருந்த டியூஷன் நோட்டீஸ் வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியவில்லை. இதுவோ மை மங்காமல் பளிச்சென்று இருந்தது.

"அண்ணே, இது எப்ப ஒட்டினது?"

"போன செவ்வாய். நேத்துகூட அவங்க பையன் வந்தாப்ல, இன்னும் ஆள் அமையலையாம். தம்பி டேலி படிச்சிருக்கீகளா?"

அவர் கடையிலிருந்தே போன் போட்டுக் கொடுத்தார். ஆத்தங்குடித் தரைக்கல் விற்கிற இடம். மறுநாள் சேர்ந்தேன், இன்றும் அங்கேதான். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஊரில் யார் ஆள் தேடுகிறார், யார் வேலை தேடுகிறார் இரண்டும் தெரியும். இரண்டு தரப்பும் காகிதத்தோடு அவரிடம்தான் வந்தாக வேண்டும். குரூப்பில் வந்த "வீட்டிலிருந்தே பேக்கிங் வேலை" செய்திகளைப் பற்றி ஒன்றே ஒன்று: பதிவுக் கட்டணம் என்று ஒரு ரூபாய் கேட்டாலும் விட்டுவிடுங்கள்.

நிகழ்ச்சிகள் விஷயத்தில் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழா இங்கே பங்குனியில் நடக்கும். மகம், பூரம், உத்திரம் காரைக்குடியில், அத்தம் அன்று கம்பர் சமாதி இருக்கிற நாட்டரசன்கோட்டையில். குரூப்பில் யாரோ ஓர் அழைப்பிதழின் பாதியை மட்டும் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார்கள். தேதி இருந்தது, வருடம் இல்லை. நம்பி பஸ் ஏறி நாட்டரசன்கோட்டை போய் இறங்கினால் விழா முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அது போன வருட அழைப்பிதழ். நட்சத்திரத்துக்கு நடக்கும் விழாவுக்கு ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும். ஊர்க்காரர்கள் அந்தப் படத்தில் "அத்தம்" என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுக் காலண்டரில் நாள் எடுத்துக்கொள்கிறார்கள். வெளியூர்க்காரன் மட்டும்தான் தேதியைப் படித்து ஏமாறுகிறான்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். நான் இப்போது குடியிருக்கும் மாடி கிடைத்தது அதே குரூப்பில்தான். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: "இன்று தை 12. மாடி நேற்றுக் காலியானது. சாவி என்னிடம். மாலை 5 மணிக்கு மேல் வரவும்." தேதி, காரணம், சாவி யாரிடம், எல்லாம் இருந்தன. ஃபார்வர்டு அம்புக்குறி இல்லை. ஐந்தரைக்குப் போனேன், ஆறரைக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். தரகருக்கு ஒரு பைசா இல்லை. வீடு மாறுவதற்கு அண்டா இரவல் வாங்கியது, இரவில் ரத்தம் தேவைப்பட்டபோது ஆள் கிடைத்தது, எல்லாமே அங்கேதான்.

இருந்தாலும் மதிப்பெண் கேட்டால் பேப்பருக்கு ஐந்து, ஜெராக்ஸ் கடைக் கண்ணாடிக்கு ஒன்பது, குரூப்புக்குப் பத்துக்கு மூன்று. அதற்கு மேல் கை வரவில்லை. ஏனென்றால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. கழனிவாசல் மாடி போர்ஷன், நல்ல தண்ணீர், பேச்சிலருக்கும் தரப்படும். பெரிதாக்கிப் பார்த்தேன். ஆடி 20.

நண்பனுக்குக் குரூப் லிங்கை அனுப்பிவிட்டேன். நேற்று ஒருவர் வெளியேறியிருக்கிறார், இடம் இருக்கிறது.