அறிகுறி காட்டாத பித்தப்பைக் கல்: அறுவையா, காத்திருப்பா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் முழு உடல் பரிசோதனைக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில், என் பித்தப்பையில் 8 மி.மீ., 11 மி.மீ. அளவில் இரண்டு கற்கள் இருப்பது தெரியவந்தது. அதுவரை எனக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. முதலில் பார்த்த அறுவை மருத்துவர் உடனே எடுத்துவிடலாம் என்றார். அடுத்துப் பார்த்த இரைப்பை குடல் மருத்துவர் காத்திருக்கச் சொன்னார். நான் காத்திருக்கிறேன்.

அறுவையின் நன்மை வெளிப்படையானது. லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்தால் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம், பித்தப்பையில் மீண்டும் கல் சேராது. அறுவை செய்துகொண்ட என் அக்காவுக்குச் சில மாதங்கள் வயிற்றுப்போக்கு இருந்து, பிறகு சரியாகிவிட்டது. ஆனால், ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தநாளம் காயப்படுகிறது. அதைச் சீர்செய்வது எளிதல்ல.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: பித்தப்பைக் கல் பெரும்பாலும் முதலில் வலியைத்தான் தருகிறது, ஆபத்து அதற்குப் பின்னரே வருகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்களில், அறிகுறியில்லாத கல் இருந்த 123 பேரைத் தொடர்ந்து கவனித்து 1982இல் வெளியிட்ட ஆய்வில், 15 ஆண்டுகளில் வலி கண்டவர்கள் சுமார் 18 விழுக்காடு மட்டுமே. சிக்கல் வந்த மூவருக்கும் அதற்கு முன்பே வலி வந்திருந்தது. ஆய்வில் இருந்த 123 பேரில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

ஆகவே, உண்மையிலேயே அறிகுறி இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. காத்திருக்கச் சொன்ன மருத்துவர் ஸ்கேன் படத்தைவிட இதற்கே அதிக நேரம் செலவிட்டார். உப்புசம், ஏப்பம், நெஞ்செரிச்சல் ஆகியவற்றுக்குப் பொதுவாகக் கல் காரணமல்ல; இவற்றுக்காகப் பித்தப்பையை எடுத்தவர்கள் பலருக்கு அவை பின்னும் தொடர்கின்றன. கல்லின் வலி மேல்வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழோ எழுந்து, அரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் நின்று, முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பரவும். அதனுடன் காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ சேர்ந்தாலும், பல மணி நேரம் வலி தணியாவிட்டாலும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காத்திருப்பது எல்லோருக்கும் பொருந்தாது. கல் 3 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, 1 செ.மீ.க்கு மேற்பட்ட பாலிப் என்னும் சதை வளர்ச்சி இருந்தாலோ, புற்றுநோய் அச்சம் கருதி அறுவையே பரிந்துரைக்கப்படுகிறது. கல் பித்தநாளத்துக்குள் இறங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும் அதை எடுப்பதே வழக்கம். என் ஸ்கேனில் சுவரும் நாளமும் இயல்பாக இருந்தன. கல்லீரல் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது.

கரைக்கும் மாத்திரையையும் கேட்டுப் பார்த்தேன். அது சிறிய கொழுப்புக் கற்களுக்கு மட்டுமே ஓரளவு பயன்படும் என்றும், கரைந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் கல் சேர்கிறது என்றும் அறிந்து விட்டுவிட்டேன். முதல் உண்மையான வலி வந்தால், அது திரும்ப வரும் வாய்ப்பு மிகுதி என்பதால், அப்போது நானும் அறுவைக்கு ஒப்புக்கொள்வேன்.