இறந்தவரைக் குடும்பப் படத்தில் சேர்த்துத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்…

மறைந்தவர்களின் முகத்தைக் கல்யாணப் படத்தில் சேர்த்துத் தருவதாக போர்டு வைத்திருக்கும் ஸ்டுடியோவில் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்களை ஏமாற்றிய ஸ்டுடியோவின் பெயரைப் போடப்போவதில்லை. இப்படி வேலை செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஆர்டர் கொடுத்தது என் அக்கா. தம்பியின் ரிசப்ஷன் இரவு எடுத்த குடும்பப் படம். சோபாவில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, அம்மா பக்கத்தில் ஒரு இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டு எடுத்தது. அந்த இடத்தில் அப்பா வரவேண்டும். 4,500 ரூபாய், முழுப்பணமும் முன்பாகவே. "கண்ணாடியில தெரியிறது, தரையில தெரியிறது எல்லாம் ஃபுல் மேட்சிங்மா, உங்கப்பா அங்கயே உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கும்" என்றாராம் கடைக்காரர். பில்லில் மட்டும் ‘போட்டோ ஒர்க்’ என்று இரண்டே வார்த்தை. நான் வேறு ஊரில் ஆல்பம் டிசைன் செய்கிறவன். எனக்கு சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று அக்கா சொல்லவில்லை.

முதலில் வந்த படத்தில் தோலின் நிறமும் முகத்தின் அளவும் நன்றாகவே இருந்தன. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவின் மூக்குக்கண்ணாடியில், இரண்டு லென்ஸிலும், வெள்ளையாக ஒரு ஜன்னல். அதில் கம்பிகளைக்கூட எண்ணலாம். வீட்டில் பகலில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்து எடுத்த பழைய படத்திலிருந்து முகத்தை வெட்டியிருக்கிறார்கள், ஜன்னலும் கூடவே வந்துவிட்டது. அந்த மண்டபத்தில் ஜன்னலே கிடையாது. அங்கே இருந்தது கேமராவுக்கு இரண்டு பக்கமும் நிறுத்திய குடை லைட்டுகள். சோபாவின் ஓரத்தில் இருக்கும் மாமாவின் கண்ணாடியில் அவை இரண்டும் பச்சை கலந்த சின்னப் புள்ளிகளாகத் தெரிகின்றன.

அக்கா சொன்னதும் ஜன்னலை அழித்துக் கொடுத்தார்கள். எப்படி? பக்கத்துத் தோலை எடுத்து மேலே பூசி. ஜன்னலோடு கண்ணின் மேல் பாதியும் இமையும் போயின. லென்ஸில் எதுவுமே தெரியாததால், லென்ஸ் இல்லாத வெறும் ஃபிரேமை மாட்டிக்கொண்டவர் போல அப்பா உட்கார்ந்திருந்தார். மறுபடியும் சண்டை. இந்த முறை மாமாவின் லென்ஸில் இருந்த புள்ளிகளைக் காப்பி எடுத்து அப்பாவின் ஒரு லென்ஸில் ஒட்டி, அதையே இடம் வலமாகத் திருப்பி அடுத்த லென்ஸில் ஒட்டிவிட்டார்கள்.

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்களுக்காக. லைட் இடது பக்கம் இருந்தால், அதன் புள்ளி இரண்டு லென்ஸிலும் இடது பக்கமே விழும். ஒன்றைத் திருப்பி மற்றதில் போட்டால், இரண்டு கண்ணுக்கும் தனித்தனி அறை என்றாகிவிடும். அடுத்தது, தலை 10 டிகிரி திரும்பினால் லென்ஸில் பிரதிபலிக்கும் திசை 20 டிகிரி நகரும். மாமா கேமராவை நேராகப் பார்க்கிறார், அப்பாவின் முகமோ நன்றாகவே பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. மாமாவின் லென்ஸ் நடுவில் தெரியும் லைட், அப்பாவின் லென்ஸில் ஓரத்துக்குப் போகும், இல்லை மறைந்தே போகும். நிறமும் இடிக்கிறது. மாமாவுடையது பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங் போட்ட லென்ஸ், அதனால்தான் பச்சை, அதனால்தான் மங்கல். அப்பா போட்டிருந்தது கோட்டிங் இல்லாத பழைய கண்ணாடி லென்ஸ். அதில் விழும் வெளிச்சம் லைட்டின் நிறத்திலேயே, இன்னும் பளிச்சென்று இருக்கும்.

சரி, மூக்குக்கண்ணாடியைச் சின்ன விஷயம் என்றே வைத்துக்கொள்வோம். சோபாவுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட டீப்பாய் ஒன்று இருந்தது. அதில் அம்மா தலைகீழாக மங்கலாகத் தெரிகிறார், அக்கா தெரிகிறாள். அப்பாவுக்கு நேரே? காலியான சோபா. மேலே அப்பா உட்கார்ந்திருக்கிறார், கீழே அவர் இல்லை. இந்தப் படத்தை 20க்கு 30 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, ஃபிரேமும் மாட்டி அம்மா கையில் கொடுத்திருக்கிறார்கள். அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார்.

அதைச் சரிசெய்கிறோம் என்று Flip Vertical அடித்து அப்பாவின் முகத்தைத் தலைகீழாக்கி டீப்பாயில் ஒட்டினார்கள். ஏன் அது ஒட்டாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல கடைகளில் இதைத்தான் செய்கிறார்கள். அந்தப் படத்தில் கேமரா டீப்பாயின் மேல்தளத்திலிருந்து சுமார் மூன்றரை அடி உயரத்தில் இருந்தது. உட்கார்ந்திருப்பவரின் முகம் அதே தளத்திலிருந்து இரண்டரை அடி உயரம். இரண்டுக்கும் இடையே பத்தடி தூரம் என்று வையுங்கள். நேராகப் பார்த்தால், கேமரா முகத்தைக் கொஞ்சமே கொஞ்சம் மேலிருந்து பார்க்கிறது. டீப்பாயில் தெரியும் பிம்பத்தின் கணக்கு வேறு. கேமரா டீப்பாய்க்கு மூன்றரை அடி கீழே புதைந்திருந்து அண்ணாந்து பார்ப்பது போன்ற காட்சி அது. ஆறடி உயர வித்தியாசம், பத்தடி தூரம்; ஏறக்குறைய 30 டிகிரி அண்ணாந்த பார்வை. அதில் தெரியவேண்டியது தாடையின் அடிப்பக்கம், மூக்குத் துளைகள், மூக்குக்கண்ணாடி ஃபிரேமின் கீழ் விளிம்பு. நெற்றி சுருங்கிப் போய்விடும். அம்மாவின் பிம்பத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. பக்கத்தில் அப்பாவின் பிம்பம் மட்டும் பாஸ்போர்ட் படம் மாதிரி நேராக முழிக்கிறது.

வெளிச்சமும் தப்பு. கண்ணாடித் தளம் அந்தச் சாய்வில் தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். அதனால் அம்மாவின் பிம்பத்தில் முகமும் பட்டுப்புடவையின் ஜரிகையும் மட்டும் லேசாகத் தெரிகின்றன, கறுப்பு முடி தளத்தோடு கரைந்துவிட்டது. அப்பாவின் பிம்பத்திலோ மீசையைத் தனித்தனி முடியாகப் பார்க்கலாம். இந்தக் கணக்கெல்லாம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருப்பவரின் பிம்பத்தோடு ஒப்பிட்டு மங்கலாக்கினாலே போதும். அதற்குக்கூட அந்த ஆளுக்கு மனமில்லை. "யாரும்மா உத்துப் பார்க்கப் போறா" என்பதுதான் பதில். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பிரிண்ட் போட்டாச்சு, லேமினேஷன் ஆச்சு என்றார். பில்லில் ‘போட்டோ ஒர்க்’ என்று இருப்பதால் அக்காவால் ஒன்றும் பேச முடியவில்லை.

ஆகவே, ஆர்டர் கொடுக்கும்போது மூக்குக்கண்ணாடியில் தெரிவதும், பளபளப்பான தரை, மேசையில் தெரிவதும் வேலையில் சேர்த்தி என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பிரிண்டுக்கு முன் முழு அளவு படத்தைப் போனில் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். பெரிதாக்கி, முதலில் லென்ஸைப் பாருங்கள், அப்புறம் புதிதாக வந்தவருக்கு நேர் கீழே இருக்கும் தளத்தைப் பாருங்கள். அவருடைய பழைய படங்கள் பல இருந்தால், லென்ஸில் வெளிச்சம் அடிக்காததையே கொடுங்கள். ஜன்னல் மறைத்த கண்ணை எந்த டிசைனராலும் அப்படியே மீட்க முடியாது, வேறு படத்திலிருந்து கண்ணைக் கொண்டுவர வேண்டியதுதான்.

நேர்மையான ஒருவர் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான். "கீழிருந்து பார்க்கிற மாதிரி அப்பா படம் உங்ககிட்ட இருக்காதும்மா, டீப்பாய் தெரியாம படத்தை வெட்டிடலாம்." கடைசியில் நான் அதைத்தான் செய்தேன். முழங்காலுக்குக் கீழே வெட்டியாயிற்று. அதே ஜன்னல் நாளில் எடுத்த இன்னொரு படத்திலிருந்து கண்களை எடுத்து வைத்தேன். ஒவ்வொரு லென்ஸிலும், அது மூக்குப் பக்கமானாலும் காதுப் பக்கமானாலும், லைட் இருக்கும் பக்கத்து ஓரத்தில், அடியில் இருப்பதை வெளிச்சமாக்கிக் காட்டும் Screen லேயரில் வெள்ளையாக ஒரு சின்னக் கீற்று. ஒரு சாயங்கால வேலை. 4,500 ரூபாயில் அக்கா ஆயிரம் ரூபாயாவது திரும்பி வரும் என்று இன்னும் அந்தக் கடைக்கு நடந்துகொண்டிருக்கிறாள்.